எல்லாக் குழியும் 0.8 ஓம் காட்டினால் சந்தேகப்படுங்கள்: பல்லடம் பக்கத்துக் கட்டடம் ஒன்றில் எர்த் அளந்த பதிவு

கட்டடம் பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கிறது. தரைத்தளத்தில் கடைகள், மேலே இரண்டு தளம் பனியன் தையல் யூனிட், ஒரு லிஃப்ட், 63 கே.வி.ஏ. ஜெனரேட்டர். பின்பக்கச் சுவரை ஒட்டி, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க வரிசையாக நான்கு எர்த் குழிகள். அதில் இரண்டு குழி ஜெனரேட்டரின் நியூட்ரலுக்கு, மற்ற இரண்டு பேனலுக்கும் ஜெனரேட்டர் பாடிக்கும். மின் ஆய்வாளர் வரும் தேதி மூன்று வாரம் தள்ளி. அதற்கு முன் ஒப்பந்தக்காரர் கொடுத்த அளவுத்தாளைச் சரிபார்ப்பதுதான் எங்கள் வேலை. வரைபடத்தில் ஆலோசகர் எழுதியிருந்த எல்லை: நான்கு குழிகளும் இணைந்த நிலையில், குழிகள் மட்டும், 2 ஓமுக்குள்.

அளவுத்தாளில் இருந்தது 0.8, 0.8, 0.9, 0.8. வேலை பார்த்த எலக்ட்ரீசியன் நம்பிக்கையோடு சொன்னார்: "ஏனுங்ணா, எல்லாக் குழியும் ஒண்ணுக்குள்ளதான் காட்டுது. இதுக்கு மேல என்னங்க பாக்கறது?"

பார்க்க வேண்டியது அங்கேதான் இருந்தது. இந்தப் பக்கத்து மண் மேலே இரண்டடி செம்மண், அதன் கீழே சுக்கான் கல். 40 மி.மீ. ஜி.ஐ. பைப் 3 மீட்டர் இறக்கினால், நல்ல ஈரத்திலும் தனிக்குழி 7, 8 ஓமுக்குக் கீழே வருவது கஷ்டம். அது ஒரு சந்தேகம். அதைவிடப் பெரிய சந்தேகம், நான்கும் ஒரே எண்ணைக் காட்டுவது. பத்தடி தள்ளித் தோண்டினாலே மண் மாறும் இடத்தில் நான்கு குழிகள் ஒரே அளவு காட்டினால், மீட்டர் நான்கு முறையும் ஒரே பொருளைத்தான் அளந்திருக்கிறது.

கருவியை முதலில் நம்பத்தக்கதாக்குவது

கருவி மூன்று முனை கொண்ட சாதாரண டிஜிட்டல் எர்த் டெஸ்டர். நம் ஊரில் எர்த் மெக்கர் என்பார்கள். இ முனை எர்த் பைப்புக்கு, பி முனை நடு ஸ்பைக்குக்கு, சி முனை தூர ஸ்பைக்குக்கு. கூடவே பச்சை ஒயர் 5 மீட்டர், மஞ்சள் 10 மீட்டர், சிவப்பு 20 மீட்டர், இரண்டு ஸ்பைக். ஒரு நாள் வாடகை 500 ரூபாய். அளவீட்டுச் சான்று ஒரு வருடத்துக்குள் எடுத்ததாக இருந்தது. அதன் நகலும் கருவியின் வரிசை எண்ணும் ஆய்வுக் கோப்பில் போக வேண்டியவை.

சான்று இருந்தாலும் இடத்திலேயே இரண்டு சோதனை செய்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. முதலில் மூன்று ஒயர்களின் நுனியையும் ஒன்றாகக் கடித்து அளப்பது. இங்கே 0.1 காட்டியது. அது பச்சை ஒயரின் சொந்த எதிர்ப்பு. மூன்று முனைக் கருவியில் இந்த அளவு எல்லா ரீடிங்கிலும் ஒட்டிக்கொண்டு வரும். 8 ஓம் குழியில் இதைக் கவனிக்கத் தேவையில்லை, 1.6 ஓம் இணைப்பில் கவனிக்க வேண்டும். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த 0.1 கழித்தவை.

அடுத்தது 10 ஓம் ரெசிஸ்டர், ஒரு சதவீதத் துல்லியம் உள்ளது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்தான். பி, சி இரண்டையும் ஒரு காலில் சேர்த்து, இ முனையை மறு காலில் மாட்டினால் 10 காட்ட வேண்டும். 10.1 காட்டியது, ஒயரின் 0.1 போக சரி. பேட்டரி இறங்கிய கருவி இந்தச் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும்.

இவை போக, மண்ணில் இருக்கும் மின்னழுத்தத்தைப் பார்ப்பது. ஸ்பைக் அடித்த பிறகு கருவியின் வோல்ட் நிலையில் வைத்துப் படிக்க வேண்டும். இதுபோன்ற கருவிகளுக்கு 10 வோல்ட்டைத் தாண்டினால் ரீடிங்கை நம்பக் கூடாது. இங்கே வார நாளில் 6 வோல்ட் இருந்தது. பத்துக்குக் கீழேதான், ஆனாலும் ரீடிங் நிற்காமல் 7.0-க்கும் 7.9-க்கும் இடையே ஆடியது. பக்கத்து விசைத்தறிக் கூடம் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை தறி நின்ற பிறகு 1 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது, எண்ணும் நின்றது. அதனால் எல்லாக் குழியையும் ஞாயிறு அன்றே மறுபடி அளந்தோம்.

0.8 எங்கிருந்து வந்தது

முதலில் எதையும் கழற்றாமல், ஒப்பந்தக்காரர் அளந்தபடியே முதல் குழியில் அளந்தோம். 0.8 வந்தது. அவர் பொய் எழுதவில்லை. குழியிலிருந்து பேனலுக்குப் போகும் ஜி.ஐ. பட்டையைக் கழற்றாமல் அளந்திருக்கிறார், அவ்வளவுதான். பட்டை வழியாக மீட்டர் கட்டடத்தின் எல்லா உலோகத்தையும் சேர்த்து அளந்துவிட்டது.

எது எவ்வளவு பங்கு என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அதற்கு முன் செய்ய வேண்டியதைத் தவிர்க்கவே கூடாது. முதலில் ஜெனரேட்டரின் பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, பிறகு மெயினை நிறுத்தி, மின்வாரிய ஆளைக் கொண்டு கம்பத்து ஃபியூஸையும் கழற்றிவிட வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட் உள்ள ஜெனரேட்டர் மின்சாரம் போனதும் தானாகவே ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் நியூட்ரல் எர்த் கழன்ற நிலையில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. பட்டையின் போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் கிளாம்ப் மீட்டரைப் பட்டையில் மாட்டிப் பார்க்க வேண்டும். மெயின் ஓடும்போது இங்கே 40 மில்லி ஆம்பியர் போனது. லிஃப்ட் டிரைவின் ஃபில்டர் வழியாகக் கசிவது அது. மெயினை நிறுத்தியதும் பூஜ்யம். பட்டையைக் கழற்றிய பின்பும் பட்டைக்கும் பைப்புக்கும் இடையே வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே இரண்டையும் கையால் தொட வேண்டும்.

போர் மோட்டாரின் கேசிங் பைப்பிலிருந்து வரும் எர்த் ஒயரைக் கழற்றியதும் 0.8 என்பது 1.1 ஆனது. முந்நூறு அடிக்கு மேல் இறங்கிய போரின் மேல்பகுதியில் இருக்கும் இரும்புக் கேசிங் நல்ல எர்த்தாக வேலை செய்கிறது. சர்வீஸ் கேபிளின் கவசத்தைப் பிரித்ததும் 1.9 ஆனது. அந்தக் கவசம் மறுமுனையில் மின்வாரியக் கம்பத்து எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. அதாவது இந்தத் தெருவின் எர்த் எல்லாம் இந்த 0.8-க்குள் இருந்தது. நாளைக்கு வாரியம் கேபிளை மாற்றினால் அந்தப் பங்கு போய்விடும். மிச்சமிருந்த 1.9-இல் தூண் கம்பிகளின் பங்கும் உண்டு. குழிகளுக்கும் கட்டடத்துக்கும் இடையே இருந்த பட்டையையும் கழற்றி, நான்கு குழிகளை மட்டும் ஒன்றோடொன்று இணைத்து அளந்தபோது 2.7.

வரைபடம் கேட்டது 2. ஆக அளவுத்தாளில் தாராளமாகத் தேறிய எர்த் உண்மையில் தேறவில்லை.

கிளாம்ப் வகை எர்த் டெஸ்டர் வைத்திருப்பவர்களும் இதே இடத்தில் ஏமாறலாம். தனியாகக் கழற்றி வைத்த குழியில் கிளாம்ப் எதையும் அளக்காது, மின்னோட்டத்துக்கு முழுச் சுற்று வேண்டும். இரண்டு இடத்தில் இணைந்த பட்டையில் மாட்டினால், மண்ணுக்குள் போகாமல் பட்டையிலேயே சுற்றி வரும் ஓட்டத்தை அளந்து 0.1, 0.2 என்று காட்டும். அந்த எண்ணுக்கும் மண்ணுக்கும் சம்பந்தம் இல்லை.

தனித்தனிக் குழி

ஒரு நேரத்தில் ஒரு குழியை மட்டும் கழற்றி அளந்தோம். பட்டைக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு சாக்குத் துண்டு வைத்துவிட்டால் தெரியாமல் தொட்டுக்கொள்ளாது. 3 மீட்டர் பைப்புக்கு சி ஸ்பைக்கை 20 மீட்டர் தூரத்தில் அடித்தோம். பி ஸ்பைக் இருக்க வேண்டிய இடம் அதன் 62 சதவீதம், அதாவது 12.4 மீட்டர். கூடவே வரும் மஞ்சள் ஒயர் 10 மீட்டர்தான் இருக்கும். அதற்காகவே பலர் பி ஸ்பைக்கை 10 மீட்டரில் நிறுத்திவிடுகிறார்கள், ரீடிங்கும் கொஞ்சம் குறைவாக வரும். மஞ்சளோடு மூன்று மீட்டர் ஒயர் முறுக்கிச் சேர்த்தால் போதும்.

முதல் குழியில் 12.4 மீட்டரில் 7.2 ஓம். அதோடு நிறுத்தாமல் பி ஸ்பைக்கை 2 மீட்டர் உள்ளே தள்ளி 10.4-இலும், 2 மீட்டர் வெளியே தள்ளி 14.4-இலும் அளக்க வேண்டும். 7.0, 7.4 வந்தன. மூன்றின் சராசரி 7.2, அதிலிருந்து எதுவும் 5 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை. இப்படி நடுவில் சமதளமாக நின்றால்தான் 7.2 என்று எழுதலாம். ஒரே ஒரு ரீடிங்கைப் பார்த்து அது சமதளத்தில் எடுத்ததா சரிவில் எடுத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

சரிவு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகவே சி ஸ்பைக்கை 10 மீட்டருக்குக் கொண்டு வந்து, பி ஸ்பைக்கை 3, 5, 7 மீட்டரில் வைத்தோம். 6.2, 6.8, 7.6 வந்தன. எங்கேயும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. சி ஸ்பைக்கின் தாக்கமும் பைப்பின் தாக்கமும் மண்ணுக்குள் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் நடுவில் தட்டையான இடமே இல்லாமல் போகிறது.

இரண்டாவது குழி 6.5. சிரமம் இல்லை.

நான்காவது குழியில்தான் தவறான வழியில் போனோம். இடம் வசதியாக இருந்ததென்று ரோட்டோரமாகவே ஸ்பைக் அடித்தோம். 5.0, 5.1, 5.2. அழகான சமதளம், தாளில் எழுதியும் ஆயிற்று. பிறகுதான் அந்த ஓரத்திலேயே குடிநீர் இரும்புக் குழாய் போவது தெரிந்தது. ஸ்பைக் வரிசைக்கு இணையாக உலோகம் புதைந்திருந்தால், மீட்டர் அனுப்பும் ஓட்டத்தில் ஒரு பங்கு அந்தக் குழாய் வழியாகக் குறுக்கே போய்விடும். சமதளம்கூட வரும், ஆனால் எண் தவறாக இருக்கும். வரிசையை அப்படியே செங்குத்தாகத் திருப்பி, பின்பக்கத்துச் சோளக்காட்டுப் பக்கம் அளந்தபோது 7.9. மறுபடி மூன்று இடத்தில் சரிபார்த்தும் அதேதான். அதன் பிறகு எல்லாக் குழியையும் இரண்டு திசையில் அளந்தோம். இரண்டும் ஒத்துவந்தால்தான் தாளில் ஏறியது.

ஸ்பைக்கைப் பற்றி ஒன்று. காய்ந்த செம்மண்ணில் ஸ்பைக் பிடிக்காமல் கருவி எச்சரிக்கை விளக்கைக் காட்டினால், ஸ்பைக்கைச் சுற்றி ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றலாம், தவறில்லை. ஸ்பைக்கின் எதிர்ப்பு அளவில் சேராது, ஓட்டம் போதுமான அளவு போனால் சரி. ஆனால் அளக்கும் காலையில் எர்த் குழிக்குள் குடம் குடமாக உப்புத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் வேறு. அளக்க வேண்டிய பொருளையே அது சில மணி நேரத்துக்கு மாற்றிவிடுகிறது. இங்கே இரண்டு நாளாகக் குழியில் தண்ணீர் ஊற்ற விடவில்லை. ஆய்வு அன்று தேறி, சித்திரையில் தேறாமல் போகும் எர்த் இந்தத் தையல் யூனிட்டில் கை வைத்து வேலை செய்பவர்களுக்கு எதற்கும் உதவாது.

மூன்றாவது குழி: 18.4

மூன்றாவது குழி மட்டும் 18.4 காட்டியது. எந்தத் திசையில் அளந்தாலும் 18-க்குக் கீழே வரவில்லை. முதலில் சந்தேகப்பட்டது மேலே உள்ள கிளாம்ப்பைத்தான். துரு தேய்த்து, போல்ட் மாற்றி, மீட்டரின் கிளிப்பை நேராகப் பைப்பிலேயே கடித்து அளந்தும் 18.4. அப்படியென்றால் கோளாறு மண்ணுக்குள்.

எர்த் பைப் உள்ளே பொந்து, மேலே புனல் மாட்ட வாய் திறந்திருக்கும். ஒரு கட்டுக்கம்பியின் நுனியில் நட்டு ஒன்றைக் கட்டி உள்ளே விட்டோம். மற்ற மூன்று பைப்பிலும் 2.8, 2.9 மீட்டர் வரை போனது. மூன்றாவதில் 1.55 மீட்டரில் நின்றுவிட்டது. மண் அடைத்துக்கொண்டும் கம்பி நிற்கலாம் என்பதால், அதை மட்டும் நம்பாமல் ஒரு பக்கமாகக் கடப்பாரையால் தோண்டிப் பார்த்தோம். பைப் அங்கேயே முடிந்திருந்தது. ஐந்தடியில் சுக்கான் இறுகியதும் பைப்பை அறுத்து நட்டு மூடிவிட்டிருக்கிறார்கள். மேலே பார்த்தால் நான்கு குழியும் ஒரே மாதிரிதான், அதே சிமென்ட் மூடி, அதே புனல்.

நீளம் பாதியானால் எதிர்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதோடு மேல் ஐந்தடி மண்தான் முதலில் காய்வதும். 18.4-க்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இணைத்த அளவு: ஒயர் நீளம் இங்கேதான் முக்கியம்

நான்கு எண்களையும் காகிதத்தில் பக்கவாட்டு இணைப்பாகக் கணக்கிட்டால்:

1/7.2 + 1/6.5 + 1/18.4 + 1/7.9 = 0.474
1 ÷ 0.474 = 2.1 ஓம்

மீட்டர் காட்டியதோ 2.7. இது மீட்டரின் பிழை இல்லை. குழிகளுக்கு இடையே 3.5 மீட்டர்தான் இடைவெளி. 3 மீட்டர் பைப்பைச் சுற்றியுள்ள மண்தான் ஓட்டத்தை ஏற்க வேண்டும். பக்கத்துப் பைப்பும் அதே மண்ணைப் பயன்படுத்தினால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல். பைப் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி வைத்திருந்தால் காகிதக் கணக்குக்குப் பக்கத்தில் வந்திருக்கும். அதனால் தனி அளவுகளைக் கூட்டிக் கணக்கிட்டு இணைந்த அளவு என்று எழுதக் கூடாது, அளந்தே எழுத வேண்டும்.

அளப்பதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. தனிக்குழிக்கு 20 மீட்டர் போதும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் பரவிய குழிக்கூட்டத்துக்குப் போதாது. ஓமில் பார்த்தால் பிழை அதே அளவுதான், ஆனால் எண் சிறியதாக இருப்பதால் சதவீதத்தில் பெரிதாகிவிடும். இதையும் செய்தே பார்த்தோம்.

சி 10 மீட்டரில், பி 3, 5, 7 மீட்டரில்: 2.0, 2.5, 3.2.
சி 20 மீட்டரில், பி 10.4, 12.4, 14.4 மீட்டரில்: 2.5, 2.7, 3.0.
சி 90 மீட்டரில், பி 46.8, 55.8, 64.8 மீட்டரில்: 2.65, 2.7, 2.75.

முதல் வரியில் உள்ள 2.0-ஐப் பாருங்கள். ஸ்பைக்கை மூன்று மீட்டரில் குத்தினால் இந்தக் கட்டடம் தேறிவிடும். யாரும் ஏமாற்ற நினைக்கத் தேவையில்லை, சிமென்ட் தளம் தடுக்கிறதென்று பக்கத்தில் இருந்த மண்ணில் குத்தினாலே போதும். இரண்டாவது வரியில் நடு எண் சரியாகவே வந்தது, ஆனால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய பத்து சதவீதம் ஆடுகிறது. மூன்றாவது வரி இல்லாமல் அந்த 2.7-ஐ நம்பியிருக்க முடியாது.

90 மீட்டர் என்பது ஏதோ விதியிலிருந்து எடுத்ததல்ல. கடையில் ஒரு காயில், அதாவது ஒரு சுருள் ஒயர், 90 மீட்டர்தான் வருகிறது. 1 சதுர மி.மீ. ஃப்ளெக்சிபிள் இரண்டு காயில் சுமார் 3,000 ரூபாய் ஆனது. விரிக்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். காயிலில் மிச்சம் சுற்றி வைக்காமல் முழுக்க விரித்துவிட வேண்டும். பி ஒயரும் சி ஒயரும் ஒன்றையொன்று ஒட்டி ஓடாமல், குறைந்தது இரண்டடி தள்ளிப் போக வேண்டும். நீண்ட தூரம் ஒட்டி ஓடினால் ஒன்றின் ஓட்டம் மற்றதில் தூண்டப்பட்டு, சிறிய எதிர்ப்பை அளக்கும்போது எண்ணைக் கெடுக்கும். காட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் சோளத்தை மிதிக்காமல் வரப்பிலேயே ஒயர் போட இடம் காட்டுவார்.

சரி செய்தது

குட்டைப் பைப் இருந்த மூன்றாவது குழியைக் கைவிட்டோம். சுக்கானைக் கடப்பாரையால் உடைத்து அதே இடத்தில் 3 மீட்டர் இறக்குவதா, தள்ளிப் போய் ஆழமாகத் துளைப்பதா என்று யோசித்ததில் இரண்டாவதே நல்லதாகப் பட்டது. ஜி.ஐ. பைப் 6 மீட்டர் நீளத்தில்தான் வருகிறது. அதை அறுக்காமல் முழுசாக இறக்கினால் ஒரு குழி இரண்டு குழியின் வேலையைச் செய்யும். கீழ்மண்ணில் ஈரம் கோடையிலும் ஓரளவு நிற்கும்.

வரிசையின் கடைசியிலிருந்து 7 மீட்டர் தள்ளி, சிறிய போர் வண்டியால் 100 மி.மீ. துளை 6 மீட்டர். துளையில் பைப் போக மிச்சம் இடம் 36 லிட்டர் அளவுதான், ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண்ணான பெண்டோனைட் 25 கிலோ மூட்டை இரண்டு சரியாக இருந்தது. முதலில் உலர்ந்த தூளாகவே கொட்டியதில் மூன்று மீட்டரில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நின்றது. பைப்பை வெளியே எடுத்து, தண்ணீரில் கூழாகக் கரைத்து மறுபடி ஊற்ற வேண்டியதாயிற்று. அரை நாள் அதில் போனது.

மறுநாள் 6.1 ஓம். இரண்டு வாரத்தில் கூழ் உப்பி மண்ணோடு ஒட்டிய பிறகு 5.4. குழிகள் எல்லாம் இணைத்து அளந்தால் 2.1. எல்லைக்கு மேலே ஒரு நூலளவுதான். இங்கேதான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அளந்தது கார்த்திகை மாதம், ஐப்பசி மழை குடித்த மண். எப்படியாவது 2.0-க்குக் கொண்டுவந்து கோப்பை முடித்துவிடலாம். ஆனால் இந்த மண் மாசி, பங்குனியில் எப்படிக் காயும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உரிமையாளரிடம் எண்களை வைத்துப் பேசியதும், "அரைகுறையா வேண்டாமுங்க, இன்னொண்ணு போட்டுருங்க" என்றார்.

ஐந்தாவது குழி இன்னும் 7 மீட்டர் தள்ளி, அதே 6 மீட்டர் ஆழம். 5.6 ஓம். இணைத்த அளவு 90 மீட்டர் ஒயரில் 1.56, 1.60, 1.66. 1.6 என்று எழுதினோம்.

இரண்டு துளைக்கும் போர் வண்டி 13,000 ரூபாய், இரண்டு பைப் 5,600, பெண்டோனைட் நான்கு மூட்டை 1,800, சேம்பர் மூடி, பட்டை, போல்ட் எல்லாம் 4,200. ஒயரும் வாடகையும் தனி.

ஆய்வுக்குப் போன தாள்

ஒவ்வொரு குழிக்கும் ஒரு வரி என்று இருந்த பழைய தாளை விட்டுவிட்டு, ஒவ்வொரு குழிக்கும் தனித் தாள் போட்டோம். அதில் சி தூரம், பி ஸ்பைக்கின் மூன்று இடமும் மூன்று எண்ணும், இரண்டு திசை, பட்டை கழற்றிய நிலையா சேர்த்த நிலையா, கடைசியாக மழை பெய்த தேதி, கருவியின் எண். ஆய்வுக்கு வந்த அலுவலர் இரண்டாவது குழியைத் தன் முன்னால் அளக்கச் சொன்னார். 6.6 வந்தது, தாளில் 6.5. பி ஸ்பைக்கை நகர்த்திக் காட்டுங்கள் என்று அவரே கேட்டார்.

அளந்து முடித்த பிறகு பட்டைகளை ஒரு ஆள் திரும்ப மாட்ட, இன்னொரு ஆள் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுச் சரிபார்த்தார். பட்டைக்கும் பைப்புக்கும் இடையே 0.1 ஓமுக்கு மேல் காட்டிய ஒரு இணைப்பில் பெயின்ட் இருந்தது, சுரண்டி மாட்டினோம். கேபிள் கவசத்தையும் போர் கேசிங் ஒயரையும் மாட்டிய பிறகே ஜெனரேட்டர் பேட்டரியை இணைத்தோம். குழி மூடிகளில் குழி எண், ஓம், தேதி மூன்றையும் பெயின்ட்டில் எழுதியாயிற்று.

இன்னொரு கட்டடத்தில் இதையே செய்தால் மாற்ற வேண்டியவை இரண்டு. பைப்பை மண் மூடுவதற்கு முன்பே கம்பி விட்டு நீளம் பார்த்து, அப்போதே தனிக்குழி அளவையும் எடுத்துவிட வேண்டும். பட்டை இணைப்பதற்கு முன் அளப்பதில் கழற்றும் வேலையே இல்லை, மின்வாரிய ஆளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். குழி இடைவெளியை 3.5 மீட்டரில் வைக்காமல் 6 மீட்டருக்குக் குறையாமல் வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும். இங்கே அப்படி இருந்திருந்தால் ஐந்தாவது குழி தேவைப்படாமலே போயிருக்கலாம்.

சித்திரைக் கடைசியில் இதே ஐந்து குழியையும் அதே வரப்பில் அதே 90 மீட்டரில் மறுபடி அளக்க ஒயர் இரண்டு காயிலும் பேனல் அறையில் தொங்குகிறது. சி ஸ்பைக் அடித்த இடத்தில் வரப்புக் கல்லில் மஞ்சள் பெயின்ட் வைத்திருக்கிறோம்.